பன்னிரண்டு வாரமும் இரண்டு கரண்டிச் சாதமும்

அந்தப் பெண் டாக்டர் மேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சரைப் பரிசோதித்துவிட்டு, "தற்சமயம் தகுதி இல்லை, மூன்று மாதம் கழித்து வரவும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். காரணம் என்ன தெரியுமா? பருமன். நூற்று எண்பத்திரண்டு ராத்தல், இன்றைய கணக்கில் எண்பத்திரண்டு கிலோ. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இதையெல்லாம் டாக்டர் பொய்யாகச் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. பெருக்கல் வாய்பாட்டைப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்து, மக்குப் பெண்களையும் தேறவைக்கிற ஒருத்தியை எடை போட்டுப் பார்த்துத் தள்ளுவதா?

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். சாந்தோம் பக்கத்தில், கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிடுகிற பள்ளிக்கூடம். முப்பதுகளின் நடுவில் பெண்பிள்ளைகளுக்கு டிரில் வகுப்பு என்பதே பலருக்குச் சிரிப்பு. "குதிக்கக் கற்றுக்கொடுக்கச் சம்பளமா?" என்று என் முகத்துக்கு நேரேயே கேட்டவர்கள் உண்டு. நானும் சளைத்தவளில்லை. கேட்டவர்களைக் கையைத் தூக்கி இருபது முறை சுற்றச் சொல்லிவிட்டுப் பிறகு பதில் சொல்வேன்.

கணக்கு டீச்சருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இருபத்தோரு வயதில் கணவனை இழந்தவர். மயிலாப்பூரில் குளத்தங்கரைப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் நல்லவர். தங்கையைத் தலைமுடி எடுக்கவிடாமல் காப்பாற்றி, படிக்கவைத்து, டீச்சர் பயிற்சிக்கும் அனுப்பியவர். இரண்டு வருஷமாகத் தற்காலிக வேலை. இப்போது நிரந்தரமாக்க வைத்தியப் பரிசோதனை. அது தேறாவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். போனால், புக்ககத்தார் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தபடி, அவர் தஞ்சாவூர்ப் பக்கம் மாமியார் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். "சம்பாதிக்கிறாள் என்பதால் பட்டணத்தில் விட்டுவைத்தோம், அது இல்லையென்றால் அங்கே என்ன வேலை?" என்று கேட்டிருந்தார்கள். அண்ணனால் அதற்குமேல் எதிர்த்துப் பேச முடியவில்லை.

டாக்டரிடமிருந்து நேராக என் டிரில் கொட்டகைக்குத்தான் வந்தார். நான் கர்லாக்கட்டைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். வந்தவர் அழுவார் என்று நினைத்து முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் அழவில்லை.

"டீச்சர், மூணு மாசம்னா பன்னிரண்டு வாரம். பதினஞ்சு ராத்தலாவது குறைஞ்சாத்தான் ரத்த அழுத்தம் இறங்கும்னு டாக்டர் சொல்றா. ஒரு வாரத்துக்கு ஒண்ணேகால் ராத்தல். முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்கோ. நான் பெட்டி கட்டணும்" என்றார்.

என்ன மனுஷி! என் வாயிலிருந்து "முடியும்" என்று தானாக வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே இருவரும் லஸ்ஸில் இருந்த டாக்டரின் வீட்டுக்குப் போனோம். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தைராய்டு மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் இளைக்கும். ஆனால் நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்போடு என்னிடமே பரிசோதனைக்கு வந்தால் நானே தள்ளுவேன். பேதி உப்பும் வேண்டாம், அதில் தண்ணீர்தான் போகும். பட்டினியும் வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்ப்பேன். அதற்குள் திரும்ப ஏறியிருந்தால் நிரந்தரம் ஆகாது" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. நேராகப் பேசுகிறவர்களிடம் எனக்கு அதிக நேரம் கோபப்பட வராது.

திட்டம் போட்டோம். பயிற்சிக் கல்லூரியில் நான் பார்த்திருக்கிறேன்: போட்டிக்கு முன்னால் பட்டினி கிடந்து இளைத்தவர்கள் எல்லாம் போட்டி முடிந்த மறுமாதமே பழைய உடம்போடு, சிலர் அதற்கும் மேலாக, வந்து நிற்பார்கள். அதனால் என் திட்டத்தில் மூன்று பாகம் வைத்தேன். முதல் நான்கு வாரம் பழக்கங்களை மட்டும் மாற்றுவது. அதுவும் எல்லாவற்றையும் ஒரே நாளில் அல்ல, வாரத்துக்கு ஒன்று. அடுத்த ஐந்து வாரம் தேகப்பயிற்சி. கடைசி மூன்று வாரம் இளைப்பதையே நிறுத்திவிட்டு, இளைத்த உடம்பை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளப் பழகுவது.

கணக்கு டீச்சர் உடனே பிடித்துக்கொண்டார். "கடைசி மூணு வாரம் குறைய வேண்டாமா? அப்போ பதினஞ்சு ராத்தலும் ஒம்பது வாரத்துலயே குறையணும். வாரத்துக்கு ஒண்ணரைக்கு மேல வரது. அந்த மூணு வாரத்தையும் ஏன் விடறேள்?"

"ஏறினவங்களுக்கு இறங்கத் தெரியும் டீச்சர். இறங்கின இடத்துல நிக்கத்தான் யாருக்கும் தெரியறதில்லை. ஒரு வருஷம் கழிச்சு டாக்டரம்மா மறுபடி பார்ப்பாங்க. அன்னைக்கு நான் உங்க கூட இருக்கமாட்டேன்" என்றேன்.

"சரி. ஆனா ஒண்ணு. திட்டத்துல எதை மாத்தினாலும் காரணத்தோட மாத்தணும். பயந்து மாத்தக் கூடாது" என்றார். எனக்கே பாடம் நடத்துகிறார் பாருங்கள்!

முதல் வாரம் காப்பி. ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் குடிப்பார். ஒவ்வொன்றிலும் சர்க்கரை தாராளம். காப்பியை நிறுத்தச் சொன்னால் மயிலாப்பூரில் என் மேல் கல் விழும். எண்ணிக்கையை இரண்டாக்கி, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். இரண்டாவது வாரம் பள்ளி விட்டதும் தின்கிற முறுக்கும் சீடையும். அதற்குப் பதில் ஒரு கிண்ணம் வேகவைத்த பயறு. மூன்றாவது வாரம் நடை. நான்காவது வாரம் நேரத்துக்குத் தூக்கம். கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டு பாதி ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருக்கிற வழக்கத்தை விட வைத்தேன். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி இரட்டிப்பாகும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு வாரம் தூங்கிப் பார்த்துவிட்டு நம்பினார்.

நடைதான் வேடிக்கை. இத்தனை நாள் வீட்டிலிருந்து பள்ளிக்கு ரிக்‌ஷாவில் வந்துகொண்டிருந்தவர். ரிக்‌ஷாக்காரர் முதல் நாள் காலையில் தெருமுனையில் காத்திருந்தவர், இவர் பக்கத்தில் வந்து வண்டியைத் தாண்டி நடந்ததும் பதறிப்போனாராம்.

"இன்னாம்மா இது! நல்லாத்தானே இட்டுகினு போய்க்கினு இருந்தேன்? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலைப்பா. நான்தான் நிறைய தின்னுட்டேன்" என்றாராம் இவர்.

அந்த மனிதருக்கு மனசு கேட்கவில்லை. காலி வண்டியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "நடுவுல மூச்சு வாங்கிச்சுன்னா ஏறிக்கோம்மா, துட்டு வேணாம்" என்று பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்தார். இவர் ஏறவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை, முதுகு நனைந்து போய், பின்னால் காலி ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு வர, ராணி மாதிரி வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நாலு வாரம் முடிந்தபோது பள்ளி எடை மேடையில் ஏற்றினேன். பிள்ளைகளை எடை பார்க்க வைத்திருந்தது அது. வாரத்துக்கு ஒருநாள், காலையில், சாப்பிடுவதற்கு முன்னால், அதே புடவையோடு என்று வைத்துக்கொண்டோம். ஆறு ராத்தல் குறைந்திருந்தது. அதில் கொஞ்சம் தண்ணீர்தான், ஆரம்பத்தில் அப்படித்தான் மடமடவென்று இறங்கும், போகப்போக மெதுவாகத்தான் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

பிறகு பயிற்சி. ஒருநாள் விட்டு ஒருநாள், பள்ளி விட்டதும் டிரில் கொட்டகையில். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, சின்ன இரும்புக் குண்டுகளைத் தோளுக்கு மேலே தூக்குவது, கர்லாக்கட்டை சுற்றுவது. முழங்கால் பாவம் என்று குதிக்கவிடவில்லை. எளிதாக வர ஆரம்பித்ததும் நாற்காலியை எடுத்துவிட்டு முக்காலி, அப்புறம் இரும்புக் குண்டில் ஒரு படி கனம் கூட. நடுநாட்களில் கடற்கரையோரமாக அடையாற்றுப் பாலம் வரைக்கும் நடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு நான் வைத்த அளவு. அவர் பேசிக்கொண்டே வருவார். மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து கேலி செய்யும். அவர் திரும்பி, "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்பார். பிள்ளைகள் சிதறி ஓடிவிடும்.

எனக்கு ஒரு ஆச்சரியம் என்னவென்றால், ஆறு கஜம் கட்டிய நான் குந்தி எழும்போது புடவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஒன்பது கஜத்தை மடிசாராகக் கட்டிய அவர் வெகு சுலபமாக எழுந்தார். "எங்க பாட்டி காலத்துல டிரில் இருந்திருக்கும் போல, அதான் இப்படிக் கட்டிண்டிருக்கா" என்று சிரிப்பார். இரண்டே வாரத்தில் அந்தக் கைகளில் பலம் ஏறியது எனக்குத் தெரிந்தது. கரும்பலகையில் மேல் வரியைக் கை வலிக்காமல் எழுத ஆரம்பித்தார்.

ஆனால் எடை மேடையில் முள் நகரவில்லை. ஐந்தாவது வாரம் அப்படியே. ஆறாவது வாரமும் அப்படியே. பயிற்சி தொடங்கும்போது உடம்பு கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் பொறுத்தேன். ஏழாவது வாரம் அரை ராத்தல் கூடியிருந்தது. என் பொறுமை போய்விட்டது.

"டீச்சர், திருட்டுத்தனமா ஏதாவது தின்றீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

வேறு யாராக இருந்தாலும் அன்றோடு என் முகத்தில் விழித்திருக்கமாட்டார்கள். அவருக்கு முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "என் கணக்குல தப்பு இல்லை. உங்க திட்டத்துலயும் எனக்குத் தப்பு தெரியலை. அப்போ ரெண்டு பேருக்கும் தெரியாத ஒண்ணு நடுவுல இருக்கு. ஞாயித்துக்கிழமை கார்த்தாலேர்ந்து ராத்திரி வரைக்கும் எங்காத்துல வந்து இருங்கோ. நான் வாயில போட்டுக்கறது எல்லாத்தையும் உங்க கண்ணால பாருங்கோ" என்றார்.

போனேன். நான் கிறிஸ்தவப் பெண். அந்த வீட்டுக்கு முன்பும் போயிருக்கிறேன். ரேழியில் நாற்காலி போட்டு நல்ல மரியாதையாகக் காப்பி கொடுப்பார்கள், அதற்கு மேல் உள்ளே போனதில்லை. அன்று கணக்கு டீச்சர் மன்னியிடம் ஏதோ சொல்ல, கூடத்திலேயே பாய் போட்டு உட்காரவைத்தார்கள். மன்னி என்றால் அண்ணன் மனைவி. ஒல்லியான, வாய் பேசாத, நல்ல மனசுக்காரி.

பகலில் குறைசொல்ல ஒன்றுமில்லை. சாதம் ஒரே தடவை, கூடவே கீரை, பருப்பு, மோர். நெய் ஒரு துளி. மத்தியானம் ஒரு வாய் முறுக்குகூட இல்லை. எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. எதைக் கண்டுபிடிக்க வந்தோம்?

விளக்கு வைத்த பிறகு வீட்டில் எல்லோருக்கும் இலை போட்டார்கள். கணக்கு டீச்சர் மட்டும் உட்காரவில்லை. அவருக்கு இரவில் சாதம் கிடையாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். கணவனை இழந்தவர்கள் ஒரு வேளைதான் சாதம் சாப்பிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். அதைக் கேட்டதும் என் திட்டத்தில் இரவுக்கு எதிரே "லேசாக" என்று மனசுக்குள் போட்டுக்கொண்டு அப்புறம் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லோரும் எழுந்த பிறகு மன்னி அவருக்குத் தனியாகப் பலகாரம் கொண்டுவந்து வைத்தார். நாலு அடை. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரிது, ஓரமெல்லாம் எண்ணெயில் மொறுமொறுவென்று. மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டி வெல்லம். கடைசியாகச் சுண்டக் காய்ச்சிய பால், சர்க்கரை போட்டு, பெரிய டம்ளரில்.

"பாவம், சாதம் சாப்பிடாத உடம்பு. பகலெல்லாம் டிரில் வேற பண்றா. முன்னெல்லாம் ரெண்டு அடைதான், இப்போ பசி தாங்கலைன்னு நாலு போடறேன்" என்று மன்னி என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

கணக்கு டீச்சர் முதல் அடையில் கை வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தட்டைப் பார்த்தார். அவர் மனசில் கூட்டல் ஓடுவது எனக்குத் தெரிந்தது.

"ஐயோ ராமா" என்றார் மெதுவாக. "இதை நான் சாப்பாடாவே நினைக்கலையே! இதெல்லாம் உபவாசத்துல சேர்த்தின்னுதானே நினைச்சிண்டிருந்தேன்!"

பதினோரு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தான். ஏகாதசி, புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் பகலிலும் அப்படியே. இப்போது புரட்டாசியும் பிறந்திருந்தது. பயிற்சியால் பசியும் கூடியிருந்தது. பகலில் நாங்கள் கரைத்ததெல்லாம் ராத்திரியில் வெண்ணெயோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. மன்னி வேறொன்றும் செய்யவில்லை, பாசத்தைத்தான் தட்டில் வைத்தார். யாரைக் குற்றம் சொல்வது?

மறுநாள் பழமும் மோரும் மட்டும் என்று மாற்றிப் பார்த்தோம். மூன்றாம் நாள் கொட்டகையில் இரும்புக் குண்டைத் தூக்கும்போது அவருக்குத் தலை சுற்றியது. பிடித்து உட்காரவைத்தேன். அடையை ஒன்றாகக் குறைக்கலாம் என்றேன். அவர் தலையசைத்தார். "ஒரு அடைக்குக் கீரை சேராது, கூட்டு சேராது. எண்ணெயும் வெல்லமும்தான் சேரும். பசி ஆறாது. நாளைக்கு ரெண்டாகும், நாளன்னிக்கு நாலாகும். எனக்கு என்னைத் தெரியும்" என்றார்.

"அப்போ என்னதான் செய்யறது?"

"பகல் சாதத்துல கொஞ்சம் குறைச்சுண்டு, ராத்திரி ரெண்டு கரண்டி சாதம். நிறைய கீரை. பருப்பு. மோர். கணக்குப் பார்த்தேன். நாலு அடைக்கும் பாலுக்கும் ஆகற கனத்துல பாதிகூட வரலை."

கணக்கு சரிதான். நானே போட்டிருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். ஆனால் மயிலாப்பூர்க் குளத்தங்கரையில், கணவனை இழந்த ஒரு பெண் ராத்திரி இலை போட்டுச் சாதம் சாப்பிடுவது! நாலு அடையை வெண்ணெயோடு விழுங்கினால் ஊர் "மகராசி, நியமத்தோட இருக்கா" என்று சொல்லும். இரண்டு கரண்டிச் சாதத்துக்குத் தெருவே கூடிவிடும். எனக்கு அந்த அநியாயத்தை நினைத்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "உங்களால முடியுமா டீச்சர்?" என்றுதான் கேட்க முடிந்தது.

"முடியாதுன்னா பெட்டி கட்டணும்" என்றார். "அதுமட்டும் இல்லை. பதினோரு வருஷமா ராத்திரி ரசம் வாசனை வரும்போதெல்லாம் எழுந்து கொல்லைப்புறம் போயிடுவேன். யாருக்கும் தெரியாது. மன்னிக்குக்கூட" என்றார்.

அன்று ராத்திரி நடந்ததை அவரே மறுநாள் சொன்னார். அண்ணனிடம் நேராகப் போய்ச் சொன்னாராம். அண்ணன் முதலில் காதைப் பொத்திக்கொண்டார். அப்புறம் வேலை, வேலை போனால் மாமியார் வீடு என்று எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும். நெடுநேரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டு, "டாக்டர் கொடுத்த மருந்துன்னு வெச்சுக்கறேன். யார் கேட்டாலும் மருந்துன்னு சொல்லிடறேன். பரீட்சை முடியற வரைக்கும்தான்" என்றாராம். மன்னி உள்ளே போய் இலை கொண்டுவந்து போட்டாராம்.

"முதல் கவளம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"உப்பு கம்மி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

தெரு பேசத்தான் செய்தது. பக்கத்து வீட்டு மாமி கோயிலில் இவரைப் பார்த்ததும் புடவையை ஒதுக்கிக்கொண்டு போனாராம். அண்ணன் பார்ப்பவர்களிடமெல்லாம் "மருந்து, மருந்து" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கணக்கு டீச்சர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. நானாக இருந்தால் நாலு பேரையாவது வாய்ச்சண்டையில் ஓடவிட்டிருப்பேன். அந்த அமைதி எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. வணங்குகிறேன்.

முள் நகர்ந்தது. எட்டாவது வாரம் இரண்டரை ராத்தல், ஒன்பதாவது வாரம் இரண்டே கால். மழை பிடித்துக்கொண்டது, கடற்கரை நடை நின்றது. பள்ளித் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தோம். தாழ்வாரத்து ஒழுகலை அடைக்க வந்த மேஸ்திரி, "இன்னா டீச்சரம்மா, தரை தேஞ்சுடப் போவுது" என்றார்.

ஆனால் நான் சொன்ன ஒன்பது வாரத்தில் பதினைந்து ராத்தல் வரவில்லை. மூன்று வாரம் அடைக்குப் போயிருந்ததே. பத்தே கால்தான் குறைந்திருந்தது. இப்போது எனக்கு நடுக்கம் வந்துவிட்டது. கடைசி மூன்று வாரத்தையும் பயிற்சியாக்கிவிடலாம், ராத்திரிச் சாதத்தையும் பாதியாக்கலாம், பரிசோதனை முடிந்த பிறகு மெதுவாக நிலைநிறுத்திக்கொள்ளலாம் என்றேன்.

"காரணத்தோட சொல்றேளா, பயத்துல சொல்றேளா?" என்றார்.

நான் எடை மேடையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"ரெண்டு வாரம் கூட இப்படியே போகலாம். குறைஞ்ச மட்டும் குறையட்டும். ஒரு வாரமாவது நிக்கப் பழகிண்டுதான் நான் பரீட்சைக்குப் போவேன். தலை சுத்திண்டு போய் நிக்க மாட்டேன்" என்றார். என் திட்டத்தை என்னைவிட நன்றாக அவர் புரிந்துகொண்டிருந்தார். அப்படியே செய்தோம். நடுவில் தீபாவளி வந்தது. பட்சணத்தை அறவே தள்ளவும் இல்லை, அள்ளிப் போட்டுக்கொள்ளவும் இல்லை. ஒரு லட்டை மன்னி கையிலிருந்து வாங்கி, உட்கார்ந்து, ரசித்துத் தின்றுவிட்டு, மற்றதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார். கடைசி வாரம் நான் சொன்னபடி பகல் சாதத்தில் ஒரு கரண்டியைக் கூட்டினார், பயிற்சியை விடவில்லை. எடை அசையாமல் நின்றது. அந்த வாரம் அவர் மேடையிலிருந்து இறங்கியபோது, இளைத்த வாரங்களில் பட்டதைவிட எனக்கு அதிக சந்தோஷம்.

பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் எடை பார்த்தார்: பதிமூன்றரை ராத்தல் குறைவு. புருவத்தை உயர்த்தினார். ரத்த அழுத்தம் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் மாடிப்படியைக் காட்டி, "ஏறி இறங்கிட்டு வாங்கம்மா" என்றார். கணக்கு டீச்சர் ஏறி இறங்கி வந்து, மூச்சு வாங்காமல், "இன்னொரு தடவை ஏறணுமா?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "ஒன்றரை ராத்தலுக்காக உங்களைத் தள்ளினால் எனக்கே வெட்கம். அழுத்தம் இறங்கியிருக்கு. நெஞ்சு நல்லா இருக்கு. தகுதின்னு எழுதறேன்" என்றார்.

நான் அந்த டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கியே விட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க மானத்தைக் காப்பாத்தினேடியம்மா!" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அப்புறம் அடுக்களைப் பக்கம் திரும்பி, "கேட்டியா! பரீட்சை முடிஞ்சது, மருந்தும் முடிஞ்சது. இனிமே தெருவுல தலை நிமிர்ந்து நடக்கலாம். அடைக்கு ஊறப் போட்டிருக்கியோன்னோ?" என்று மன்னியைக் கேட்டார்.

மன்னி வாசற்படியில் நின்று நாத்தனாரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் திட்டத்தின் கடைசிப் பாகம், அந்த நிற்கப் பழகுவது, உண்மையில் இன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணா, எனக்குச் சாதம் போறும்" என்றார் கணக்கு டீச்சர்.

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "மருந்துன்னு ஊரெல்லாம் சொல்லிண்டு வந்தேனேம்மா! பரீட்சை முடிஞ்சதுன்னு நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். இனிமே கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"உன் தங்கைக்குப் பசிக்கறதுன்னு சொல்லு அண்ணா."

அண்ணன் தாமாகவே உள்ளே போய், ஒரு இலையைக் கொண்டுவந்து, தம் இலை போடும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டார்.